மாத்திரை தந்த நார்மல்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நோயாளிகள் வைத்த பெயர் நோகாதம்மா. இருபத்திரண்டு வருஷமாக ஊசி குத்துகிற கை அது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டவர்களிடம் பஞ்சைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்பியது எத்தனையோ தடவை. மறுநாள் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவரைப் பிரிக்கப் பயந்து அவள் முகத்தைப் பார்ப்பார்கள். டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும்தான் அவள் சொல்ல வேண்டும், அதுதான் விதி. ஆனால் பயந்த முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது. எட்டிப் பார்த்துவிட்டு, "நார்மல்தான், போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிடுவாள். அந்த வார்த்தை அவள் வாயில் சர்க்கரை மாதிரி கரைந்து கிடந்தது.

அவள் கணவர் குளிர்பதனக் கிடங்கில் சரக்கு மேற்பார்வையாளர். மீனும் காய்கறியும் உறைந்து கிடக்கிற பெரிய அறைகளுக்குள் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் போய் வருகிற வேலை. "பகலெல்லாம் ஐஸுக்குள்ளயே நிக்கற மனுஷன், பொண்டாட்டிக்கு ஐஸ் வைக்க மட்டும் கத்துக்கவே இல்லை" என்று அவள் கேலி செய்வாள். அவர் பதிலுக்குச் சிரிப்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. சிரிப்பையே பதிலாக வைத்துப் பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் அவர்.

இரண்டு பேருக்கும் தைராய்டு மாத்திரை உண்டு. ஒரே மருந்துதான், அளவு வேறு. அவளுக்கு ஐம்பது, அவருக்கு நூற்று இருபத்தைந்து. அவளுக்கு மகள் பிறந்த நாலாம் மாதத்தில் ஆரம்பித்தது. அவருக்கு வந்ததோ நேர்மாறான வியாதி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கழுத்துச் சுரப்பி தறிகெட்டுச் சுரந்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, ஆளே பாதியாகிவிட்டார். மாத்திரைக்கு அடங்காமல் கடைசியில் கதிர்வீச்சு மருந்தைக் குடிக்கக் கொடுத்து அந்தச் சுரப்பியையே எரித்துவிட்டார்கள். சில நாட்கள் குழந்தையை அவர் பக்கத்தில் விடாமல் வைத்திருந்தார்கள். சுரப்பி போனபின் அது செய்த வேலையை மாத்திரை செய்தது. அவள் வீட்டில் விடிந்ததும் முழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் டீக்குக் காத்திருப்பாள். அவர் விடியும் முன்பே கிளம்புகிறவர் என்பதால் பாட்டிலைக் கிடங்கின் அலமாரியில் வைத்து, உடை மாற்றும்போது போட்டுக்கொள்வார். "எதுல ஒத்துப்போனோமோ இல்லையோ, மாத்திரையில ஒத்துப்போய்ட்டோம்" என்று அவர் ஒரு தடவை சொன்னதை அவள் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு ஹார்மோன் டாக்டரம்மா வந்து சேர்ந்தபோதுதான் இந்த ஒற்றுமை கலைந்தது. கூடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைக் காட்டிக்கொள்ள வேண்டும். அவள் போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா பழைய ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இந்த மாத்திரையை எதற்கு ஆரம்பித்தார்கள் என்று கேட்டார். பதினேழு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மாத்திரைக்கு முன்னால் எடுத்ததாக ஃபைலில் இருந்தது ஒரே ஒரு ரிப்போர்ட். பிரசவமான நாலாம் மாதம் டி.எஸ்.எச். எட்டு. தைராய்டு வேலை செய்யச் சொல்லி மூளைக்கடியிலிருந்து வருகிற உத்தரவு அது. சுரப்பி மந்தமானால் உத்தரவு ஏறும். எட்டு என்பது கொஞ்சம்தான் அதிகம். அதை மறுபடி பார்க்காமலே மாத்திரை கொடுத்துவிட்டார்கள், அதன்பின் யாரும் கை வைக்கவில்லை. டாக்டரம்மா இன்னும் சில சோதனை எழுதினார். சுரப்பியை அழிக்கிற எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இல்லை. ஸ்கேனில் சுரப்பி நன்றாகவே இருந்தது.

டாக்டரம்மா நிதானமாகவே எடுத்துச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு கொஞ்ச நாள் சுணங்கும், பெரும்பாலும் தானே எழுந்துவிடும். இவளுடையது எழுந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை, மாத்திரை மேலேயே மூடிக்கொண்டிருந்தது. அதனால் கண்காணிப்போடு நிறுத்திப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அளவும் சின்னது, இனி பிள்ளை பெறுகிற யோசனையும் இல்லை, இதய வியாதியும் இல்லை. முதலில் பாதியாகக் குறைத்து ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி ஆறு வாரத்தில், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில், பிறகு வருஷா வருஷம். நம்பர் ஏறினாலோ உடம்பு மந்தமானாலோ மறுபேச்சில்லாமல் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

"ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. இது உங்களுக்கு மட்டும். நிறைய பேருக்கு இது ஆயுசுக்கும் வேணும். ஆபரேஷன்ல சுரப்பிய எடுத்தவங்க, கதிர்வீச்சுல எரிச்சவங்க, உடம்பே அத அழிச்சுட்டவங்க, இவங்களுக்கெல்லாம் எழுந்துக்க உள்ள ஆள் இல்லை. அவங்க ரிப்போர்ட்ல நார்மல்னு வந்தா அது மாத்திரையோட நார்மல், அவங்களோடது இல்லை."

அவள் தலையை ஆட்டினாள். புரியாமல் ஆட்டவில்லை, நன்றாகப் புரிந்துதான் ஆட்டினாள். அதுதான் பின்னால் அவளை வதைத்தது.

அன்று சாயந்திரம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கணவரிடம் விஷயத்தைக் கொட்டினாள். சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். பதினேழு வருஷம் வெறும் வயிற்றில் தவம் கிடந்தது எதற்காக என்று கேட்டாள். ஆயுசுக்கும் ஆயுசுக்கும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்களே என்று பொருமினாள். டாக்டரம்மா சொன்னதில் இனித்த பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். மற்ற பாதி அவள் தலைக்குள் பத்திரமாக இருந்தது, ஆனால் வாய்க்கு வரவில்லை.

அவர் கதவோரம் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, "போன மாசம் எனக்கு எடுத்தியே, அது எப்படி இருந்துச்சு?" என்றார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நார்மல்தான்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் வாயில் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அது பொய்யும் இல்லை, இரண்டு புள்ளி மூன்று, சுத்தமான நார்மல். அதற்குள் மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள், பேச்சு அந்தப் பக்கம் போனது.

அவர் தன் மாத்திரையை நிறுத்தியது மறுநாளோ அதற்கடுத்த நாளோ. அது அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஒளிக்கத் தெரியாத மனுஷன். ஆனால் மனைவி நிறுத்தப்போகிறாள், தனக்கும் நார்மல், அப்புறம் எதற்கு என்று அவர் எளிமையாக முடிவு செய்துகொண்டார். இதில் அந்த மருந்தின் குணமும் அவரை ஏமாற்றியது. இன்றைக்கு விட்டால் நாளைக்குத் தெரியாது. உடம்பில் தேங்கியிருப்பது பாதியாகவே ஒரு வாரம் ஆகும். முதல் இரண்டு மூன்று வாரம் அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதையே அவர் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் பாதியாகக் குறைத்து ஆறு வாரம் கழித்துத் தன் கையிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டாள். நம்பர் நன்றாக இருந்தது. முழுதாக நிறுத்தினாள். எழுந்ததும் டீ குடிக்கிற சுகத்தைப் பற்றிக் கூடத்தில் பிரசங்கம் செய்தாள். அதே வாரம் அவர் வீட்டில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாகப் பனிக்குள் நின்றவருக்கு விசிறிக் காற்று ஆகவில்லையாம். வயசாகிறது என்று கிண்டல் செய்தாள். அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். பிறகு தூக்கம் அதிகமானது. வேலையிலிருந்து வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு கேள்வி கேட்டால் பதில் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. குரல் கரகரத்தது. முகம் காலையில் உப்பியிருந்தது. மகள் விடுதிக்குப் போனதிலிருந்துதான் இப்படி என்று அவள் கணக்குப் போட்டாள். மகள் இல்லாத வீட்டில் தன்னோடு பேச அவருக்கு ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு தடவை சந்தேகம் வராமல் இல்லை. ரத்தத்தோடு புழங்குகிறவள்தானே. "வாங்க, ஒருநாள் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றாள். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, "அதான் நார்மல்னு சொன்னியே" என்றார். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாதா மாதம் அவள்தான் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள், அவரும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வாங்கிப் போகிறவர் சாப்பிடத்தானே செய்வார்.

அவள் நிறுத்தி மூன்று மாதம் ஆனபோது எடுத்த ரிப்போர்ட்டும் நன்றாகவே வந்தது. அந்த வாரக் கடைசியில் மகள் விடுமுறைக்கு வந்தாள். பஸ் நிலையத்துக்குப் போய் அவளைக் கூட்டிவர வேண்டியது அவர் வேலை. போகவில்லை. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, மூட்டை முடிச்சோடு மகள் தானே வந்து சேர்ந்தபோது, அவர் நாற்காலியில் ஸ்வெட்டரோடு தூங்கிக்கொண்டிருந்தார். போன் மடியில் அடித்து ஓய்ந்திருந்தது.

வேலை முடிந்து வந்து விஷயம் தெரிந்ததும் அவள் கண் மண் தெரியாமல் பேசிவிட்டாள். ஐஸுக்குள் நின்று நின்று மனசும் கட்டியாகிவிட்டது என்றாள். பெற்ற பெண் நடுத்தெருவில் நிற்கிறாள், உங்களுக்கு உறைக்கவில்லையா என்றாள். அவர் அவளை ஏதோ தூரத்தில் இருப்பவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உதடு அசைந்தது. சொல்ல வந்தது வரவில்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த முகத்தில் ஒரு நோயாளியைப் பார்த்திருப்பாள். அன்று அவள் பார்த்தது தன்னை மதிக்காத கணவனைத்தான்.

மகள் திரும்பிப் போனபின் அவள் பேச்சை நிறுத்தினாள். முன்பும் நிறுத்தியிருக்கிறாள், மூன்று நாளைக்கு மேல் தாங்கியதில்லை. எப்போதும் அவர்தான் முதலில் வந்து ஏதாவது அசட்டுத்தனமாகக் கேட்டுச் சிரிக்க வைப்பார். இந்தத் தடவை அவர் வரவில்லை. அவர் வராதது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளறியது. தட்டை மேஜையில் வைப்பாள், போய்விடுவாள். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. மூன்றாவது வாரத்தில் அவருக்குச் சளி பிடித்து இருமினார். இருமல் மருந்தை எடுத்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள். தூக்கம் வரவழைக்கிற மருந்து அது. நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தால் காய்ச்சல் இல்லை என்பதைவிட, அது எவ்வளவு சில்லிட்டுக் கிடக்கிறது என்பது தெரிந்திருக்கும். பேசாதவள் தொடுவாளா.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. வேலைக்குப் போகாமல் தூங்குவதாக நினைத்து அவள் குளித்து, கிளம்பி, சாவியைக் கையில் எடுத்தபிறகுதான் போய்ப் பார்த்தாள். மூச்சு எண்ணி எண்ணி வந்தது. கையைப் பிடித்தாள். அவர் கிடங்கிலிருந்து வந்து விளையாட்டாக அவள் கழுத்தில் வைக்கிற கைபோல் குளிர்ந்திருந்தது. பதினெட்டு நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "என்னங்க".

தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கேதான் கொண்டுபோனாள். உடம்பு வெப்பம் முப்பத்துமூன்று டிகிரிக்குக் கீழே. நாடி நாற்பது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தபோது அவள் வாங்கிக்கொண்டு தானே எடுத்தாள். ஊசி இறங்கியபோது அவர் கை அசையவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, நொந்து கையை இழுத்துக்கொள்ள மாட்டாரா என்று அவள் ஏங்கினாள்.

மாதிரியை அவளே மெஷினில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். டி.எஸ்.எச். நூறுக்கு மேல் என்று காட்டியது. அதற்கு மேல் அந்த மெஷினுக்கு அளக்கத் தெரியாது. சுரப்பியை எரித்துப் பதினாலு வருஷமாகியும் மூளை ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கால் தானாகத்தான் ஏறியது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்ததும் அவள் கணவர் எப்போது மாத்திரையை நிறுத்தினார் என்று கேட்டார். நிறுத்தவில்லையே என்றாள். அப்படியானால் இந்த நம்பர் வராது என்றார் அவர். அவள் கிடங்குக்குப் போன் செய்தாள். கூட வேலை செய்கிறவர் அலமாரியைத் திறந்து, உள்ளே ஆறு பாட்டில் இருப்பதாகச் சொன்னார். ஐந்துக்கு மூடி சீல்கூடப் பிரிக்கவில்லை, ஒன்றில் முக்கால் இருந்தது. வீட்டில் இரண்டு பேருக்கும் மாத்திரை நின்றுவிட்டது என்று ஆரம்பத்தில் சந்தோஷமாகச் சொன்னாரே, உங்களுக்குத் தெரியாதா என்றும் அவர் கேட்டார்.

அவள் போனை வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் திரும்பினாள்.

"நீங்க எனக்கு எல்லாம் சொன்னீங்க. நான் அவர்கிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னேன்."

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. கணவருடைய பழைய ரிப்போர்ட்டிலேயே 'கதிர்வீச்சு வைத்தியம் செய்துகொண்டவர், மாத்திரையை நிறுத்தக்கூடாது' என்று ஒரு வரி யாராவது அடித்திருக்க வேண்டும், நாம் எல்லோருமே வெறும் நம்பரைத்தான் கொடுத்து அனுப்புகிறோம் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, நிஜமாகவே நினைத்தாரோ தெரியாது. வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டு, தைராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றி, போர்வையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கொடுத்தார்கள். அவசரமாகச் சூடு ஏற்றினால் ரத்த அழுத்தம் இறங்கிவிடுமாம். வெப்பம் ஒவ்வொரு டிகிரியாக ஏறியது. இரண்டாம் நாள் அவர் இமை லேசாக அசைந்ததாக அவள் சத்தியம் செய்தாள். நர்ஸ் அப்படிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு நாளும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பதினெட்டு நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசினாள். விசிறியை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னாள். பஸ் நிலையத்தில் மகள் நின்றது பெரிய விஷயமே இல்லை என்றாள். மாத்திரையைப் பற்றி விட்டுப்போன பாதியை, டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தைகளில், அவர் காதோரம் முழுதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் மதியம் இதயம் நின்றது. மறுபடி ஓடவைக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த நாளில் மகள் சமையலறைக்கு வந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டாள், சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கறியேம்மா. அப்பா அப்படி இருந்தப்போ ஒரு தடவை கூட்டிட்டுப் போய் எடுக்கணும்னு தோணலையா?"

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தெரியவில்லை என்று சொல்லலாம். அவர்தான் மறுத்தார் என்றும் சொல்லலாம், அதுவும் பொய்யில்லை.

"தோணுச்சு" என்றாள். "பேசாம இருந்தப்போ ரெண்டு தடவை தோணுச்சு. ஆனா வாங்கன்னு நான்தானே முதல்ல பேசணும். அவர் வந்து பேசட்டும்னு இருந்துட்டேன்."